கறுப்பு அக்ரிலிக் மேல் கறுத்த சிலை: பிம்பம் கூர்மையாக, கறுப்பு சுத்தமாக வருவதற்கு

சுவாமிமலைப் பட்டறைகளிலிருந்து வரும் ஐம்பொன் சிலைகளில் பொன்னிற மெருகு போட்டவற்றைப் படம் எடுப்பது ஓரளவு எளிது. ஆன்டிக் மெருகு போட்ட கறுத்த சிலையைப் பளபளக்கும் கறுப்பு அக்ரிலிக் மேல் வைத்து எடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பிம்பம் படத்தில் சேறு கலந்த நீராகக் கலங்கிக் கிடக்கும். பீடம் எங்கே முடிகிறது, பிம்பம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இந்தக் கட்டுரை 9 அங்குல உயரமுள்ள, ஆன்டிக் மெருகிட்ட ஒரு சிவகாமி சிலையை எடுத்துக்கொண்டு, அதை ஒரு சின்ன அறையில் எப்படிச் சுத்தமாக எடுப்பது என்று சொல்கிறது. அளவுகளெல்லாம் அந்தச் சிலைக்கானவை. சிலை பெரிதானால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

கலங்கலாகத் தெரிவது நிழல் அல்ல

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். வெள்ளைத் தாளின் மேல் ஒரு பொருளை வைத்தால் நிழல் விழும். தாள் தன்மேல் படும் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது, ஒளி படாத இடம் நிழலாகிறது. பளபளக்கும் கறுப்பு அக்ரிலிக் ஒளியைச் சிதறடிப்பதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே போன ஒளியைக் கறுப்பு நிறமி விழுங்கிவிடும், மேற்பரப்பில் பட்டது கண்ணாடி போலத் திரும்பிவிடும். எனவே அதன் மேல் சொல்லும்படியான நிழல் விழாது. நீங்கள் அதில் பார்ப்பதெல்லாம் வேறொன்றின் பிம்பம்தான்: சிலையின் பிம்பம், பின்னால் தொங்கும் துணியின் பிம்பம், சில நேரம் சுவரின் பிம்பம். போதாக்குறைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தூசி.

அதனால் "நிழல் கறுப்பாக இருக்கிறது, இன்னொரு விளக்கை அக்ரிலிக் பக்கம் திருப்புவோம்" என்பது எதிர்ப்பலனைத்தான் தரும். அந்த ஒளி தூசியையும் கைரேகையையும் மட்டுமே வெளிச்சம் போட்டுக் காட்டும், கறுப்பு சாம்பலாகும், சிலையின் பிம்பமோ அப்படியே இருட்டாக இருக்கும்.

பிம்பம் ஏன் இருட்டாக இருக்கிறது? அது சிலையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற காட்சி. கேமரா காணாத தாமரை இதழ்களின் அடிப்பக்கம், முழங்கையின் அடிப்பக்கம், ஆடை மடிப்புகளின் அடிப்பக்கம் இவற்றையெல்லாம் பிம்பம் காட்டுகிறது. விளக்கை மேலே மட்டும் வைத்தால் இந்த அடிப்பக்கங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வெள்ளை மேசையாக இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியாவது அவற்றைத் தொடும். கறுப்பு அக்ரிலிக் அந்த உதவியைச் செய்யாது. ஆகவே நாம் ஒளியூட்ட வேண்டியது சிலையின் கீழ்ப்பாதியையும் அடிப்பக்கங்களையும்தான், அக்ரிலிக்கை அல்ல. பின்னால் வரும் எல்லா ஏற்பாடும் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

ஷீட் வாங்குவதும் விரிப்பதும்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை எங்கும் நேம் போர்டு, எல்இடி போர்டு செய்யும் கடைகளில் அக்ரிலிக் வெட்டித் தருவார்கள். முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. நமக்கு 2 அடிக்கு 2 அடி போதும், வெட்டியதில் மிஞ்சிய துண்டாகவே கிடைக்கலாம். 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் ஷீட் தன் எடைக்கே லேசாக வளையும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிம்பத்தில் பீடத்தின் நேர்க்கோடு நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கடையிலேயே ஷீட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, கூரையிலுள்ள ட்யூப்லைட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். கோடு நேராக ஓடினால் நல்ல ஷீட்.

கறுப்புத் துணிமேல் கண்ணாடி வைப்பதும், கறுப்புச் சார்ட்மேல் நிறமற்ற அக்ரிலிக் வைப்பதும் மாற்றாகாது. அவற்றில் மேல்பரப்பு ஒரு பிம்பத்தையும் அடிப்பரப்பு இன்னொன்றையும் தரும், விளிம்புகளெல்லாம் இரட்டையாகத் தெரியும். உள்ளே வரை கறுத்த அக்ரிலிக்கில் மேல்பரப்புப் பிம்பம் ஒன்று மட்டுமே.

ஷீட்டுக்கு அடியில் கோணல் இல்லாத 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் காப்புத் தாளைக் கடைசி நேரம் வரை உரிக்க வேண்டாம். உரித்தவுடன் ஷீட்டில் நிலைமின்சாரம் ஏறி, அறையிலுள்ள தூசியை இழுக்கும். சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து காற்றில் புழுதி பறக்கும்போது இது ரொம்பவே தொல்லை. ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உரியுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நீரில் நனைத்து இறுகப் பிழிந்து, ஒரே திசையில் மெல்லத் துடைத்தால் நிலைமின்சாரமும் அடங்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் மறுபடி மின்னேறும், கூடவே மெல்லிய கீறலும் விழும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், ஸ்பிரிட், தின்னர் மூன்றையும் அருகில் கொண்டுவராதீர்கள். அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் வந்தால் பிறகு சரிசெய்ய முடியாது.

சிலையின் அடிப்பக்கத்தைத் துடைத்து, பீடத்தின் கீழே விளிம்புக்குச் சற்று உள்ளடங்கி ஒரு சுற்று செலோடேப் ஒட்டுங்கள். வைக்கும்போது நேரே இறக்குங்கள். இடம் மாற்ற வேண்டுமானால் தூக்கித்தான் மாற்ற வேண்டும். ஒருமுறை இழுத்தால்கூடப் போதும், பிம்பம் விழ வேண்டிய இடத்தில் கோடு விழுந்துவிடும். சிலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுப் பாத்திரம் மாதிரிப் புளி போட்டுத் தேய்த்தால் ஆன்டிக் கறுப்பே போய்விடும்.

கேமராவின் உயரம்

பிம்பம் எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதை விளக்கைவிடக் கேமராவின் உயரம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அக்ரிலிக்கை நேர் மேலிருந்து பார்த்தால் அது 4 சதவீத ஒளியைத்தான் திருப்பித் தரும். 30 பாகைச் சாய்வில் பார்த்தால் 9 சதவீதம் அளவுக்கு வரும். 15 பாகைக்கு இறங்கினால் 25 சதவீதம், 10 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய 40. உயரத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிம்பம் மங்கல் என்று வருந்துவதில் பயனில்லை.

இந்தச் சிலைக்கு 15 பாகை நல்ல இடம். பீடத்தின் மேல்தளம் கொஞ்சம் தெரியும், பிம்பம் சிலையைவிட இரண்டு ஸ்டாப் மட்டும், அதாவது நாலில் ஒரு பங்கு வெளிச்சமாக, இருண்டு வரும். கோணம் அளக்கக் கருவி வேண்டாம்: சிலையிலிருந்து 46 அங்குலம் தள்ளி, அக்ரிலிக் மட்டத்திலிருந்து லென்ஸின் நடு 12 அங்குலம் உயரத்தில் இருந்தால் 15 பாகை கிடைத்துவிடும்.

லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். பளபளப்பைக் குறைப்பதுதான் அதன் வேலை. 34 பாகை அளவில் அது பிம்பத்தை முற்றிலும் அழித்துவிடும், 15 பாகையிலும் கணிசமாகக் குறைக்கும்.

தெய்வச் சிலையின் முகம் தலைகீழாகத் தெரிவதைப் பலரும் விரும்புவதில்லை. பீடமும் முழங்கால் வரையும் பிம்பத்தில் தெரிந்தால் போதும் என்பது என் கருத்தும்கூட, படம் கண்ணுக்கு அமைதியாக இருக்கும். அதற்குச் சிலைக்கு முன்னால் 12 அங்குல அக்ரிலிக் தேவை, 2 அடி ஷீட்டின் நடுவில் சிலையை வைத்தால் சரியாக அமைகிறது. முகம் வரை பிம்பம் வேண்டும் என்றால் முன்பக்கம் மட்டும் 20 அங்குலம் தேவைப்படும், அப்போது 3 அடி நீள ஷீட் வாங்க வேண்டும்.

பின்புறத் துணி

சிலைக்கு 4 அடி பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிடுங்கள். சாதாரணக் கறுப்புக் காட்டன் சிறிது ஒளி பட்டாலும் சாம்பலாகும். வெல்வெட்டின் இழைகளுக்குள் ஒளி சிக்கிக்கொள்ளும். அக்ரிலிக் இந்தத் துணியைத்தான் பிம்பமாகக் காட்டப்போகிறது என்பதால், துணி சாம்பலானால் தரையும் சாம்பலாகும்.

நாம் வைத்த கேமரா உயரத்தில், அக்ரிலிக்கின் முன் ஓரத்தில் தெரிவது துணியில் மேசை மட்டத்திலிருந்து சுமார் 2 அடி உயரத்திலுள்ள பகுதி. நேராகத் தெரிவதோ மேசை மட்டத்துக்கும் சற்றுக் கீழே போகும். ஆகவே துணி மேசைக்கு ஓரடி கீழிருந்து மூன்றடி மேல் வரை இருந்தால் இரண்டுக்கும் போதும். கேமராவை உயர்த்தினால் இந்தக் கணக்கு மாறும். 40 பாகையில் எடுத்தால் துணிக்கு மேலே உள்ள சுண்ணாம்புச் சுவரே அக்ரிலிக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

சிலை வைப்பதற்கு முன் ஷீட்டையும் துணியையும் மட்டும், விளக்கெல்லாம் அணைத்து ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். சாம்பல் தெரிந்தால் அறை வெளிச்சம் உள்ளே வருகிறது என்று பொருள். கதவிடுக்கு, ஜன்னல், கணினித் திரை எதுவென்று இப்போதே கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள். நீங்களும் வெள்ளைச் சட்டையில் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், அது சிலையின் வயிற்றிலும் நெற்றியிலும் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

விளக்குகள், ஒவ்வொன்றாக

ஃபிளாஷும் சாஃப்ட்பாக்ஸும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 2 அடி எல்இடி பேட்டன் இரண்டு போதும். ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் வரும். ஷீட்டின் பின் மூலைகள் இரண்டுக்கும் சற்று வெளியே, பேட்டன்களைச் செங்குத்தாக நிறுத்தி, சிலையை நோக்கித் திருப்புங்கள். பேட்டனுக்கு 4 அங்குலம் முன்னால் ஒரு டிரேஸிங் பேப்பரைத் தொங்கவிட்டால், உலோகத்தில் விழும் ஒளிக்கோடு முரட்டு வெள்ளையாக இல்லாமல் ஓரங்களில் மெல்லக் கரையும்.

பேட்டனின் கீழ்முனை அக்ரிலிக் மட்டம் வரை இறங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பேட்டனின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஒளி மிகத் தாழ்ந்த கோணத்தில் அக்ரிலிக்கைத் தொட்டு, அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பிச் சிலையின் அடிப்பக்கங்களைச் சேர்கிறது. அரையடி உயரத்தில் பேட்டனைத் தொடங்கினால் சிலை நன்றாகவே தெரியும், பிம்பத்தில் மட்டும் பீடம் காணாமல் போகும். படத்தைப் பார்த்தவுடன் இந்தத் தவறை இப்படி அடையாளம் காணலாம்.

இந்த இரண்டு விளக்கோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிலையின் இரு ஓரங்களிலும் ஒளிக்கோடு ஓடி, கறுப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதே கோடுகள் பிம்பத்திலும் பீடத்தின் இரு பக்கமும் தொடர வேண்டும். மொத்தப் படமும், சிலை உட்பட, மூடுபனி படர்ந்தது போல வெளுத்திருந்தால் பேட்டனின் ஒளி நேரே லென்ஸில் விழுகிறது. பேட்டனுக்கும் கேமராவுக்கும் நடுவே, படத்துக்குள் வராதபடி கறுப்புச் சார்ட் ஒன்றை நிறுத்துங்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் பேட்டனின் வெளிச்சம் நேரே படாமல் மறைந்ததும் மூட்டம் விலகும்.

அடுத்தது முன்பக்கம். ஏ4 அளவு வெள்ளை தெர்மாகோல் துண்டு இரண்டை, சிலைக்கு முன்னால் இடமும் வலமும் 7, 8 அங்குலம் தள்ளி, படத்துக்குள் வராத இடத்தில் நிறுத்துங்கள். பேட்டனின் ஒளியை வாங்கிச் சிலைக்குத் திருப்பித் தருவது இவைதான். தெர்மாகோலின் அடி அக்ரிலிக்கைத் தொட்டு நிற்கட்டும். அப்போது அக்ரிலிக்கில் தெரியும் தெர்மாகோலின் பிம்பமும் சேர்ந்து, ஒளி கீழேயிருந்து வருவது போல இதழ்களின் அடிப்பக்கத்தைத் தொடும். துண்டுகளை ஒவ்வொரு அங்குலமாக நெருக்கி நெருக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிம்பத்தின் தாமரை இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கும் மேல் நெருக்கினால் சிலை தட்டையாகிவிடும், கறுத்த உலோகத்தின் கம்பீரம் போய்விடும்.

படத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும் எதுவும் அக்ரிலிக்கின் பிம்பத்திலும் வெளியேதான் இருக்கும். பிம்பம் மேல் கீழாகத்தான் புரள்கிறது, இடம் வலமாக அல்ல. எனவே பக்கவாட்டில் தாராளமாகப் பொருள்களை வைக்கலாம்.

முகத்துக்குக் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், இடப்பக்கம் முன்னால் உயரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை டிரேஸிங் பேப்பருக்குப் பின்னால் வைத்துச் சிறிது ஒளி கொடுக்கலாம். அது பின்துணிமேல் விழாதபடி தள்ளி வைத்துப் பாருங்கள்.

கேமரா அமைப்பு

முக்காலி கட்டாயம். ISO 100, f/8 அல்லது f/11, ஷட்டர் 1/4 நொடியில் தொடங்கி, தேவைக்கேற்ப ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 நொடியைவிட வேகமாகப் போனால் படத்தில் குறுக்குப் பட்டைகள் வரலாம். 2 நொடி டைமர் போட்டு விரலை எடுத்துவிடுங்கள்.

ஃபோகஸ் எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. பிம்பம் அக்ரிலிக்கின் மேற்பரப்பில் இருப்பதாகத் தோன்றினாலும், கேமராவுக்கு அது மேற்பரப்புக்குக் கீழே, சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் இருக்கும் இன்னொரு சிலை. நம் கோணத்தில் உண்மையான தலை பீடத்தைவிட 2 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக முன்னால் நிற்கும். பிம்பத்தின் தலை அதே அளவு பின்னால் போகும். முகத்தில் ஃபோகஸ் வைத்தால் பிம்பம்தான் முதலில் மங்கும். பீடத்தின் முன் விளிம்பில் வைத்து f/11-இல் எடுத்தால் 50 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டும் கூர்மையாக விழும். f/22 வரை மூடினால் இன்னும் கூர்மை வரும் என்று நினைக்க வேண்டாம், அவ்வளவு சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி மொத்தப் படமும் மென்மையாகிவிடும்.

போனில் எடுப்பவர்கள் புரோ மோடுக்குப் போய் HDR, நைட் மோடு இரண்டையும் அணைக்க வேண்டும். இருட்டைத் தானாகத் தூக்கிக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. நாம் பாடுபட்டு உண்டாக்கிய கறுப்பை அவை சாம்பலாக்கிவிடும். தனியாக 2x அல்லது 3x லென்ஸ் உள்ள போனாக இருந்தால் அதைப் பயன்படுத்தி 4 அடி தள்ளியே நில்லுங்கள்.

வெளிச்சம் சரியா என்பதைத் திரையின் பிரகாசத்தை நம்பி முடிவு செய்யாமல், கணினியில் திறந்து எண்களைப் பாருங்கள். 0 முதல் 255 வரையுள்ள அளவில் சிலையின் உடல் 40 முதல் 90, அதன் பிம்பம் 20 முதல் 45, வெற்று அக்ரிலிக் 8-க்குள் இருந்தால் ஏற்பாடு சரி. சிலை 25-இல் கிடந்தால் ஷட்டரை ஒரு ஸ்டாப் நீட்டி மறுபடி எடுங்கள். இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஷேடோ ஸ்லைடரைத் தள்ளினால் பிம்பத்தில் வண்ணப் புள்ளிகள் பொரிந்து, முதலில் சொன்ன கலங்கல் திரும்ப வந்துவிடும்.

இன்னும் கலங்கலாக இருந்தால்

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து ஒவ்வொரு படம் எடுங்கள். எதை அணைத்தபோது அக்ரிலிக் கறுத்ததோ, அதுதான் தூசிமேலோ துணிமேலோ சிந்துகிறது. சாம்பல் பொடிப் பொடியாகப் புள்ளி போட்டிருந்தால் தூசி: ரப்பர் பல்பு ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். வாரி இழுத்தாற்போல மங்கலான பட்டைகள் என்றால் கைப்பிசுக்கு. சிலையைச் சுற்றி மட்டும் ஒரு வளையமாக வெளுத்திருந்தால், பெரும்பாலும் சிலையிலிருந்து வடிந்த எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஏசி அறையிலிருந்து ஷீட்டை வெளியே கொண்டுவந்தால் மேலே பனிபோல நீர் படியும். துடைத்துக்கொண்டே இருப்பதைவிட அரை மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுவது நல்லது.

கணினியில் செய்ய வேண்டியது கொஞ்சமே. RAW கோப்பில் லெவல்ஸின் இடது முனையை 6 முதல் 8 வரை நகர்த்தினால் வெற்று அக்ரிலிக் முழுக் கறுப்பாகும், பிம்பத்தின் 20-க்கு மேலுள்ள விவரம் பிழைக்கும். அதற்கு மேல் நகர்த்த வேண்டிய நிலை வந்தால் பேட்டனின் கீழ்முனையையும் தெர்மாகோலையும் திரும்பப் போய்ப் பாருங்கள். மிஞ்சிய தூசிப் புள்ளிகளை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். ஆனால் சிலையும் பிம்பமும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் கை வைக்காதீர்கள், அங்கே ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் சிலை அந்தரத்தில் மிதப்பது போலாகிவிடும்.

வேலை முடிந்ததும் ஷீட்டைத் துடைத்து, மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் சாய்க்காமல் படுக்கையாக வையுங்கள். மாதக்கணக்கில் சாய்ந்து நின்ற ஷீட் வளைந்துவிடும், அடுத்த முறை பீடத்தின் கோடு அதைச் சொல்லிவிடும்.